வாட்ச்சில் எது அதிரணும், எது போனிலேயே கிடக்கணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அலுவலகத்திலும் வீட்டிலும் யார் புது ஸ்மார்ட்வாட்ச் வாங்கினாலும் ஒரு வாரத்துக்குள் என்னிடம் வந்துவிடுவார்கள். முதல் நாள் "சூப்பரா இருக்கு" என்பார்கள். நாலாம் நாள் "கை நடுங்கிட்டே இருக்கு, கழட்டி வெச்சிட்டேன்" என்பார்கள். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

போனுக்கு வர்றதெல்லாம் வாட்ச்சுக்கும் வந்தா என்ன கெட்டுப்போச்சு? அதுக்குத்தானே வாங்கினது?

போன் மேசையில் கவிழ்ந்து கிடக்கும்போது வரும் நோட்டிஃபிகேஷனைப் பார்க்காமல் விட முடியும். மணிக்கட்டில் வரும் அதிர்வை அப்படி விட முடியாது; உடம்பு திரும்பிப் பார்த்துவிடும். பத்துத் தடவை பார்த்து பத்தும் தள்ளுபடி விளம்பரமாக இருந்தால், பதினோராவது தடவை நிஜமான அழைப்பு வந்தாலும் கை அசையாது. வாட்ச் கெட்டுப்போவதில்லை, அதன் மேல் உள்ள நம்பிக்கைதான் போய்விடுகிறது.

பெரும்பாலான வாட்ச்சுகளில் வாங்கியவுடன் எல்லா ஆப்பும் திறந்தே இருக்கும், இல்லையென்றால் ஆரம்பத்தில் கேட்கும்போது நாமே "எல்லாம் சரி" என்று அழுத்தியிருப்போம். அதனால் குறைக்கும் வேலை நம்முடையதுதான்.

எது வரணும், எது வேண்டாம்னு எப்படி முடிவு பண்றது? எல்லாமே முக்கியமாத்தான் தெரியுது.

"முக்கியமா?" என்று கேட்டால் எல்லாமே முக்கியம்தான். நான் கேட்கச் சொல்வது வேறு: இது வந்ததும் அடுத்த பத்து நிமிஷத்துக்குள் நான் எழுந்து ஏதாவது செய்தாகணுமா? ஆமாம் என்றால் வாட்ச்சுக்குப் போகட்டும். சாயங்காலம் பார்த்தாலும் போதும் என்றால் போனிலேயே இருக்கட்டும். மின்கட்டண அறிவிப்பு முக்கியமானது, ஆனால் பத்து நிமிஷ விஷயம் இல்லை. "கீழே நிக்கிறேன், கதவைத் திற" என்பது அற்ப விஷயம், ஆனால் பத்து விநாடி விஷயம்.

ஊகத்தில் முடிவு செய்ய வேண்டாம், ஒரு நாள் கணக்கெடுங்கள். ஆண்ட்ராய்டில் Settings > Notifications > Notification history போனால் கடந்த 24 மணி நேரத்தில் வந்ததெல்லாம் வரிசையாக இருக்கும். அது அணைந்திருந்தால் முதலில் ஆன் செய்து ஒரு நாள் விட வேண்டும். ஐபோனில் Screen Time பகுதியில் எந்த ஆப் எத்தனை நோட்டிஃபிகேஷன் அனுப்பியது என்ற எண்ணிக்கை கிடைக்கும்.

என் அக்காவுக்கு இப்படித்தான் செய்தோம். அவள் ஒரு கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள், பையன் நாலாம் வகுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை மொத்தம் 186 வந்திருந்தது. வாட்ஸ்ஆப் மட்டும் 97. அதைப் பிரித்துப் பார்த்தால் அபார்ட்மென்ட் குரூப் 41 (பாதி, தண்ணி லாரி வந்ததா இல்லையா), குடும்ப குரூப் 22, வகுப்புப் பெற்றோர் குரூப் 15, தனி ஆட்கள் அனுப்பியது 19. ஷாப்பிங், சாப்பாட்டு ஆப்கள் 27. எஸ்எம்எஸ் 23, அதில் வங்கியிலிருந்து 6. மின்னஞ்சல் 18. செய்தி ஆப் 14. போன் அழைப்பு 7.

பத்து நிமிஷக் கேள்வியை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தோம். அழைப்பு 7, தனி ஆள் செய்தி 19, வங்கி 6, மீட்டிங் நேரம் மாறியதாக வந்த மின்னஞ்சல் 2. ஆக 34. பெற்றோர் குரூப்பை ஒதுக்க அவளுக்கு மனசு வரவில்லை. "ஸ்கூல் வேன் லேட்டானா அதுலதான் சொல்வாங்க" என்றாள். பழைய செய்திகளைத் தேடிப் பார்த்ததில், வேன் தாமதமான மூன்று தடவையும் டிரைவர் நேரில் போன் பண்ணியிருக்கிறார். குரூப் வெளியே போனது, டிரைவர் எண் உள்ளே வந்தது. 186 என்பது 34 ஆனதும் அவள் மறுபடி வாட்ச்சைக் கட்ட ஆரம்பித்தாள்.

சரி, எங்க போய் அணைக்கணும்?

வாட்ச்சிலேயே தேடாதீர்கள், போனில் இருக்கும் துணை ஆப்பில்தான் முழுப் பட்டியல் இருக்கும். ஆப்பிள் வாட்ச் என்றால் ஐபோனில் Watch ஆப், அதில் Notifications. கீழே போனால் Mirror iPhone Alerts From என்ற தலைப்பில் மற்ற நிறுவன ஆப்கள் எல்லாம் சுவிட்ச்சோடு இருக்கும். சாம்சங் கேலக்ஸி வாட்ச் என்றால் Galaxy Wearable ஆப்பில் வாட்ச் அமைப்புகளுக்குள் Notifications. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் வாட்ச்சுகளில் அந்தந்த நிறுவன ஆப்பில் ஏறத்தாழ இதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கும்.

கேலக்ஸியில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். புதிதாகப் போடும் ஆப்களுக்குத் தானாகவே நோட்டிஃபிகேஷனைத் திறந்துவிடும் சுவிட்ச் ஒன்று அதே இடத்தில் இருக்கிறது. அதை அணைக்காவிட்டால், நீங்கள் உட்கார்ந்து சுத்தம் செய்த பட்டியல் மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

வாட்ச்சுல ஆஃப் பண்ணா போன்லயும் வராம போயிடுமா?

போகாது. போன்தான் தொட்டி, வாட்ச் அதிலிருந்து வரும் குழாய். குழாயை மூடினால் தொட்டியில் தண்ணீர் அப்படியே இருக்கும். தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்தினால் குழாயிலும் வராது. போனில் ஒரு ஆப்பின் நோட்டிஃபிகேஷனை முழுக்க அணைத்துவிட்டு அது வாட்ச்சில் மட்டும் வர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. போனுக்கு வருவதைப் பார்த்துத்தான் வாட்ச் சொல்கிறது என்பதால் அது நடக்காது.

இதனால் ஒரு நல்ல வழியும் கிடைக்கிறது. துணை ஆப்பில் ஒரு ஆப்புக்கு ஒரே ஒரு சுவிட்ச்தான் இருக்கும்: முழுக்க வரும் அல்லது முழுக்க வராது. ஆனால் ஆண்ட்ராய்டு 8-லிருந்து போனில் ஒவ்வொரு ஆப்பின் நோட்டிஃபிகேஷனும் வகை வகையாகப் பிரிந்திருக்கிறது. பணம் அனுப்பும் ஆப்பில் "பணம் வந்தது" ஒரு வகை, "கேஷ்பேக் சலுகை" வேறு வகை என்று அந்த ஆப் பிரித்து வைத்திருந்தால், போனிலேயே சலுகை வகையை அணைத்துவிட்டு, வாட்ச்சில் அந்த ஆப்பைத் திறந்துவிடலாம். வேண்டாத ஒன்று வந்ததும் அதைப் போனில் நீள அழுத்தினால் அது எந்த வகையில் வந்தது என்று காட்டும்.

போன்ல அந்த வகையை Silent-ல போட்டேன். ஆனாலும் கை அதிருதே?

Silent என்றால் போன் சத்தம் போடாது, அவ்வளவுதான். நோட்டிஃபிகேஷன் வந்துகொண்டுதான் இருக்கும். விலை குறைந்த வாட்ச்சுகளில் பலவற்றின் துணை ஆப், போனில் வருவதையெல்லாம் படித்து அப்படியே அனுப்பிவிடும். சத்தமாக வந்ததா, சத்தமில்லாமல் வந்ததா என்று பார்ப்பதில்லை. அந்த மாதிரி வாட்ச் என்றால் Silent போதாது, அந்த வகையை முழுக்க ஆஃப் செய்ய வேண்டும்.

சில நேரம் வாட்ச்ல வருது, சில நேரம் வரவே மாட்டேங்குது. வாட்ச் கோளாறா?

ஆப்பிள் வாட்ச் என்றால் இது கோளாறு இல்லை, அதன் விதியே அப்படி. ஐபோன் திறந்து கையில் இருந்தால் நோட்டிஃபிகேஷன் போனில்தான் வரும். போன் பூட்டியிருந்தால் அல்லது திரை அணைந்திருந்தால் வாட்ச்சுக்குப் போகும், வாட்ச்சும் பூட்டியில்லாமல் இருக்க வேண்டும். இரண்டிலும் சேர்ந்து மணி அடிக்காது. சோதித்துப் பார்க்க நினைத்து போனைக் கையில் வைத்துக்கொண்டே "இப்ப ஒரு மெசேஜ் போடு" என்று மனைவியிடம் சொல்பவர்கள் எல்லாருக்கும் தோல்விதான். போனைப் பூட்டிக் கீழே வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

கேலக்ஸி வாட்ச்சில் இதை நாமே தேர்ந்தெடுக்கலாம்: போனைப் பயன்படுத்தாதபோது மட்டும், அல்லது எப்போதும். முதலாவதையே வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையும் அதிர்வதில் ஒரு பயனும் இல்லை.

வாட்ஸ்ஆப்பை ஆஃப் பண்ண முடியாது, மேனேஜர் அதுலதான் அனுப்புவார். ஆனா குரூப்புங்க உயிரை வாங்குது.

வாட்ச் பக்கம் வாட்ஸ்ஆப்பைத் திறந்தே விடுங்கள். வடிகட்ட வேண்டிய இடம் வாட்ஸ்ஆப்புக்கு உள்ளே. ஒவ்வொரு குரூப்பையும் 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மியூட் செய்யலாம். எப்போதும் என்பதையே போடுங்கள். ஒரு வாரம் போட்டால் அடுத்த வாரம் மறந்துவிடுவீர்கள். மியூட் செய்தது போனில் சத்தம் போடாது, வாட்ச்சையும் எட்டாது. குரூப் எப்போதும் போல உள்ளேயே இருக்கும், நீங்கள் மியூட் செய்ததும் யாருக்கும் தெரியாது. சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்ற பயம் வேண்டாம்.

மியூட் செய்த குரூப்பிலும் உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோ நோட்டிஃபிகேஷன் வரும். இது தொல்லை இல்லை, உண்மையில் நமக்கு வேண்டியதே இதுதான். அலுவலக குரூப்பை மியூட் செய்துவிட்டு, "அவசரம்னா என் பேரைப் போட்டு எழுதுங்க" என்று ஒரு வரி சொல்லிவைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கையோடு, செய்திக்கு யாராவது இதயம் போட்டாலும் சொல்லும் ரியாக்‌ஷன் நோட்டிஃபிகேஷனையும் வாட்ஸ்ஆப் அமைப்பில் அணைத்துவிடுங்கள். கட்டைவிரல் காட்டியதற்கெல்லாம் கை அதிரத் தேவையில்லை.

பேங்க் எஸ்எம்எஸ் மட்டும் வாட்ச்சுக்கு வரணும், கடன் வேணுமா மெசேஜ் வரக்கூடாது. முடியுமா?

வாட்ச் பக்கம் முடியாது, எல்லா எஸ்எம்எஸ்ஸும் ஒரே ஆப்பிலிருந்து வருவதால் அதற்கு வித்தியாசம் தெரியாது. போனில் முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இந்தியாவில் நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ஓர் எழுத்தும் இருக்கும்: P என்றால் விளம்பரம், T என்றால் பரிவர்த்தனை, S என்றால் சேவை, G என்றால் அரசு. P என்று முடிவதைத் திறந்து, அந்த உரையாடலின் நோட்டிஃபிகேஷனை மட்டும் அணையுங்கள். முதல் இரண்டு வாரம் தினம் நாலைந்து செய்ய வேண்டியிருக்கும், அப்புறம் ஓய்ந்துவிடும்.

ஓடிபி வாட்ச்சுல வர்றது ஆபத்தா?

வாட்ச் உங்கள் கையில் இருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. பூட்டிய போனின் திரையில் ஓடிபி பளிச்சென்று தெரிவதைவிட மோசமும் இல்லை. கவனிக்க வேண்டியது, வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைக்கும் நேரம். கழற்றியதும் பூட்டிக்கொள்ளும்படி பின் எண் போட்டு வைக்கும் வசதி உங்கள் வாட்ச்சில் இருந்தால் போட்டுவிடுங்கள். அந்த வசதியே இல்லாத வாட்ச் என்றால் நான் எஸ்எம்எஸ்ஸை வாட்ச்சுக்கு விடவே மாட்டேன். பத்து நிமிஷக் கேள்வியில் ஓடிபி தேறினாலும், ஓடிபி வரும் நேரத்தில் எப்படியும் போனோ கணினியோ முன்னால்தான் இருக்கும்.

ஓடிபிக்குப் பதிலா "Sensitive notification content hidden"னு வருதே?

ஆண்ட்ராய்டு 15-லிருந்து வந்த பாதுகாப்பு அது. நோட்டிஃபிகேஷனைப் படிக்க அனுமதி வாங்கிய ஆப் எதுவானாலும் ஓடிபியைத் திருட முடியும் என்பதால், போன் நம்பாத ஆப்புக்கு அந்தச் செய்தியின் உள்ளடக்கத்தை மறைத்தே கொடுக்கிறது. உங்கள் வாட்ச்சின் துணை ஆப் அந்த நம்பிக்கைப் பட்டியலில் இல்லை என்று பொருள். துணை ஆப்பை அப்டேட் செய்து, வாட்ச்சை ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி இணைத்துப் பாருங்கள். அப்படியும் வந்தால் விட்டுவிடுங்கள். இதற்காகப் போனின் பாதுகாப்பு அமைப்பை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. அணைத்தால் வாட்ச் ஆப்புக்கு மட்டுமில்லாமல் மற்ற ஆப்களுக்கும் கதவு திறந்துவிடும்.

சாப்பாடு ஆர்டர் போட்டா "கிளம்பிட்டார், வந்துட்டிருக்கார்"னு போன்ல ஓடுது, வாட்ச்ல வரலையே. எல்லாம் ஆன்லதான் இருக்கு.

அது சாதாரண நோட்டிஃபிகேஷன் இல்லை. வேலை முடியும் வரை போனில் ஒட்டிக்கொண்டிருக்கும் வகை. பாட்டு ஓடுவது, கோப்பு இறங்குவது எல்லாம் இந்த வகைதான். கூகுளின் வேர் ஓஎஸ் மென்பொருளில் ஓடும் வாட்ச்சுகளுக்கு இந்த வகை வழக்கமாகக் கடத்தப்படுவதில்லை. நொடிக்கு நொடி மாறும் ஒன்றைக் கைக்கு அனுப்பினால் அதிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், இது நல்லதுக்குத்தான். "வாசலில் இருக்கிறார்" என்று தனியாக ஒன்று வந்தால் அது வந்துசேரும். ஐபோனில் இந்த ஓடும் தகவலை Live Activities என்பார்கள். வாட்ச்ஓஎஸ் 11-லிருந்து அது ஆப்பிள் வாட்ச்சிலும் தெரிகிறது. வேண்டாமென்றால் அதற்கும் Watch ஆப்பில் சுவிட்ச் உண்டு.

ஆபீஸ் மெயில் வேணும், ஆனா நூறு மெயில் வேண்டாம்.

ஜிமெயில் என்றால் ஆப்பின் அமைப்பில் உங்கள் கணக்கைத் தொட்டு, நோட்டிஃபிகேஷன் பகுதியில் High priority only என்று மாற்றுங்கள். அது எதை முக்கியம் என்று நினைக்கிறது என்பதை ஒரு வாரம் பாருங்கள். என் அனுபவத்தில் மின்னஞ்சலை வாட்ச்சிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டு, காலண்டரை மட்டும் விடுவது போதும். மீட்டிங் மாறினால் காலண்டரே சொல்லிவிடும். அக்காவுக்கும் கடைசியில் அதைத்தான் செய்தோம்.

மீட்டிங்ல கையைத் தூக்கினா பக்கத்துல இருக்கறவர் என் மெசேஜைப் படிச்சிடறார்.

எனக்கும் நடந்தது. சம்பள உயர்வு பற்றி நண்பன் அனுப்பியதைப் பக்கத்து நாற்காலிக்காரர் எனக்கு முன்னால் படித்துவிட்டார், அப்புறம் அரை மணி நேரம் இருவரும் முகம் பார்க்கவில்லை. ஆப்பிள் வாட்ச்சில் Watch ஆப் > Notifications உள்ளே Tap to Show Full Notification என்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் முதலில் யாரிடமிருந்து வந்தது என்பதே தெரியும், தொட்டால்தான் உள்ளே இருப்பது விரியும். மற்ற வாட்ச்சுகளில் நோட்டிஃபிகேஷன் வந்ததும் திரை தானாக எரிவதை அணைப்பதே எளிய வழி. அதிர்வு வரும், நீங்களே திருப்பினால்தான் தெரியும்.

ராத்திரி எதுவும் வேண்டாம். ஆனா ஊர்ல அம்மா கூப்பிட்டா மட்டும் எழுப்பணும்.

வாட்ச்சில் தனியாக எதையும் செய்யாமல், போனின் தொந்தரவு செய்யாதே அமைப்பை வாட்ச்சோடு ஒத்திசையச் செய்யுங்கள். ஆப்பிளில் Focus பகுதியில் Mirror my iPhone, கேலக்ஸியில் அதே பொருளில் ஒரு சுவிட்ச். பிறகு போனில் அம்மாவை விதிவிலக்காகப் போடுங்கள். ஆண்ட்ராய்டில் நட்சத்திரமிட்ட தொடர்புகள், ஐபோனில் அனுமதித்த ஆட்கள்.

அம்மா பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டால்? அதற்குத்தான் திரும்ப அழைப்பவர்களை அனுமதிக்கும் வசதி. ஒரே எண்ணிலிருந்து ஆண்ட்ராய்டில் 15 நிமிஷத்துக்குள், ஐபோனில் 3 நிமிஷத்துக்குள் இரண்டாம் தடவை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். "எடுக்கலைன்னா உடனே இன்னொரு தடவை அடிங்க" என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

எல்லாம் சரியா வெச்சேன், நாலு நாள் வந்துச்சு, இப்ப ஒண்ணுமே வரல.

விலை குறைந்த வாட்ச், ஆண்ட்ராய்டு போன் என்றால் பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் ஒன்றுதான்: பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் துணை ஆப்பைத் தூங்க வைத்துவிட்டது. அடையாளம் எளிது. துணை ஆப்பைத் திறந்தவுடன் வாட்ச் மறுபடி இணைந்து நோட்டிஃபிகேஷன் வர ஆரம்பித்தால் அதேதான். அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பை Unrestricted என்று மாற்றுங்கள். தானாகத் தொடங்க அனுமதிக்கும் Autostart உங்கள் போனில் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். சமீபத்திய ஆப்கள் பட்டியலில் எல்லாவற்றையும் தள்ளி மூடும் பழக்கம் இருந்தால், இதை மட்டும் விட்டு வையுங்கள்.

ஆப் திறந்திருந்தும் வரவில்லை என்றால், நோட்டிஃபிகேஷனைப் படிக்கும் அனுமதியை அணைத்து மறுபடி ஆன் செய்து பாருங்கள். ஐபோனோடு இந்த மாதிரி வாட்ச்சை இணைத்தவர்கள் Settings > Bluetooth போய், வாட்ச்சின் பெயருக்கு எதிரே உள்ள i-யைத் தொட்டு Share System Notifications ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கேன். அவருக்கு எதை விடணும்?

அழைப்பும் மாத்திரை நேர அலாரமும். அவ்வளவே போதும், வாட்ஸ்ஆப் கூட வேண்டாம். காலை வணக்கப் படங்கள் நாற்பது வரும், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியைத் தேடுவார். அலாரத்தைப் போனில் வைக்காமல் வாட்ச்சிலேயே வையுங்கள். போனை ஹாலில் விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போனாலும் அடிக்கும். அதிர்வை இருப்பதிலேயே பலமானதாக மாற்றி, அவர் கையில் கட்டிய பிறகு நீங்கள் அடுத்த அறையிலிருந்து போன் பண்ணிப் பாருங்கள். என் அப்பாவுக்கு முதல் தடவை தெரியவே இல்லை. பட்டையை ஒரு துளை இறுக்கியதும்தான் தெரிந்தது.